திங்கட்கிழமை ராத்திரி யார் வரணும்?

மருத்துவமனையின் அறிவிப்புப் பிரிவில் இருந்தவளுக்குக் கொக்கி என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். எந்த வரைவு அவள் மேசைக்குப் போனாலும், ஓரமெல்லாம் சிவப்புப் பேனாவில் கேள்விக்குறிகள் தொங்க, மீன்பிடிக்கப் போன காகிதம் மாதிரி திரும்பி வரும்.

அவள் வேலை எழுத்துப்பிழை பார்ப்பது இல்லை. அதைக் கணினி பார்த்துக்கொள்ளும், அல்லது பார்ப்பதாகப் பாசாங்கு செய்யும். அவள் தேடுவது ஒன்றே ஒன்று: ஒரே வாக்கியத்தைப் படித்துவிட்டு இரண்டு பேர் இரண்டு விதமாக நடந்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் கொக்கி விழும்.

இந்தப் பிரிவு உண்டானதே ஒரு பழைய அறிவிப்பின் புண்ணியத்தில்தான். "ஞாயிறு அன்று எல்லா வாயில்களும் திறந்திருக்காது" என்று யாரோ எழுதி ஒட்டிவிட்டார்கள். சில வாயில்கள் மட்டும் மூடியிருக்கும் என்று பாதிப் பேர் புரிந்துகொண்டு வந்தார்கள். ஒரு வாயிலும் திறக்காது என்று மீதிப் பேர் புரிந்துகொண்டு வீட்டிலேயே கிடந்தார்கள். அந்த மீதிப் பேரில் அன்று பணியில் இருக்க வேண்டிய எக்ஸ்ரே டெக்னீஷியனும் ஒருவர். அதற்கப்புறம்தான் நிர்வாகத்துக்குப் புத்தி வந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையும் ஒரு மின்விசிறியும் கொக்கிக்கு ஒதுக்கப்பட்டன. மின்விசிறி சுற்றும், காற்று வராது.

அந்த அறையில் அவளோடு இருந்தவன் தட்டச்சு செய்பவன். ஒரே விரலால் அடிப்பான், அதனால் ஒற்றைவிரல். வேலையில் மெதுவாக இருப்பானே தவிர, வம்பில் பத்து விரலும் சேர்ந்து வேலை செய்யும்.

அன்று காலையில் மேலேயிருந்து வந்த வரைவு, எல்லாரும் மாதக்கணக்காக எதிர்பார்த்துக் கொண்டிருந்த ஒன்று. இரவுப் பணி விலக்குக் கொள்கை. கைக்குழந்தைக்காரர்களை ராத்திரி வேலைக்கு இழுக்கக் கூடாது என்று மேட்ரன் கத்திக் கத்திக் களைத்து, கடைசியில் நிர்வாகம் ஒரு குழு போட்டு, குழு பல வாரம் பிஸ்கட் தின்று, ஒரு பக்க அறிவிப்பாகப் பெற்றெடுத்திருந்தது.

கொக்கி பேனாவைத் திறந்தாள். "விண்ணப்பங்கள் பதினைந்தாம் தேதி வரை ஏற்கப்படும்." பதினைந்தாம் தேதி சேர்த்தியா இல்லையா? கொக்கி. "மேற்பார்வையாளர் ஊழியருடன் பேசி, அவர் விரும்பும் நாளை முடிவு செய்வார்." யார் விரும்பும் நாள்? மேற்பார்வையாளர் விரும்புவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், ஊழியர் விரும்புவதும் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்குத்தானே கிடைக்கும்? கொக்கி.

பிறகுதான் நடு வாக்கியத்துக்கு வந்தாள். அறிவிப்பின் உயிர்நாடி அது.

"ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள பெற்றோரில், மூன்று ஆண்டுகள் பணி முடித்த செவிலியர்களுக்கும் வார்டு உதவியாளர்களுக்கும் திங்கட்கிழமை முதல் இரவுப் பணியிலிருந்து விலக்கு அளிக்கப்படும்."

ஒரு தடவை படித்தாள், சரியாக இருந்தது. இன்னொரு தடவை படித்தாள், அப்போதும் சரியாக இருந்தது. ஆனால் வேறு மாதிரி சரியாக இருந்தது. மூன்று ஆண்டு என்பது செவிலியர்களுக்கு மட்டுமா? உதவியாளர்களுக்கும் சேர்த்தா?

"ஒற்றை, இதைச் சோதிக்கணும்" என்றாள்.

சோதனை என்பது அவளே உண்டாக்கிய முறை. புரிந்ததா என்று கேட்டால் உலகத்தில் எவனும் புரியவில்லை என்று சொல்ல மாட்டான். மானப் பிரச்சினை. அதனால் அந்தக் கேள்வியே கூடாது. இரண்டு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, காகிதத்தைக் கொடுத்து, "இதைப் படிச்சிட்டு நீங்க என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. தலையாட்டக் கூடாது. முகத்தில் ஒரு தசை அசையக் கூடாது. இரண்டு பதிலும் ஒன்றாக வந்தால் வாக்கியம் தேறியது. வேறு வேறாக வந்தால் திரும்பிப் போகும். அந்த இரண்டு பேர் யார் என்பதிலும் ஒரு விதி உண்டு. அறிவிப்பு யாரைத் தொடுமோ அவர்களாக இருக்க வேண்டும், நாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரவு வேலை முடிந்து டீக்கடைக் கதவைத் தாண்டி முதலில் வரும் இரண்டு பேர், அவ்வளவுதான். நமக்கு வேண்டியவர்களைப் பிடித்தால் நமக்கு வேண்டிய பதில்தான் வரும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் அவள்.

அப்படி முதலில் கதவைத் தாண்டி வந்தது அவளுடைய நாத்தனார்.

வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். கணவனுக்குத் தங்கை. அவள் புருஷன் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் கப்பல் வேலைக்காரன். ஒன்றரை வருடமாக இங்கே வார்டு உதவியாளர், ஒப்பந்த அடிப்படையில். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பிள்ளை. வீட்டில் எல்லாரும் அவன் சொல்படி ஆடுவதால் தலைவர் என்று பட்டம். சின்னவள் ராத்திரி வேலைக்குப் போகும் நாளெல்லாம் தலைவர் படுப்பது கொக்கியின் பக்கத்தில். படுப்பது என்பது மரியாதைக்குச் சொல்வது. உதைப்பார், பாட்டுக் கேட்பார், தண்ணீர் கேட்பார், கேட்ட தண்ணீரைக் கொட்டுவார். பக்கத்தில் படுத்திருக்கும் தாய்மாமன் இடி விழுந்தாலும் குறட்டையை நிறுத்தாத ஜாதி. கொக்கி முழுசாகத் தூங்கிப் பல மாதம் ஆகிவிட்டது.

"இவ வேண்டாம், அடுத்த ஆளைப் பாரு" என்று கொக்கி முணுமுணுத்தாள்.

"விதி என்ன சொல்லுது மேடம்?" என்றான் ஒற்றைவிரல், கண்ணில் சந்தோஷம் வழிய. "முதல்ல வர்ற ஆள். சொந்தக்காரங்களா இருந்தா விட்டுடலாம்னு எங்கேயும் எழுதலையே. நீங்கதான எழுதினீங்க?"

அதுவும் சரிதான். ஊரார் வாக்கியத்தையெல்லாம் கிழித்தவள் தன் விதியில் இப்படி ஒரு ஓட்டையை விட்டு வைத்திருந்தாள்.

இரண்டாவதாக வந்தவர் ஆண்கள் வார்டு உதவியாளர், ஆள் நெட்டை. அவரை ஒற்றைவிரல் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனான். சின்னவள் கொக்கியின் எதிரில் உட்கார்ந்தாள், கையில் டீ, கண்ணில் தூக்கம்.

"இது வரைவுதான். மாறலாம். வெளியில சொல்லக் கூடாது" என்று கொக்கி வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக் காகிதத்தை நீட்டினாள்.

சின்னவள் படித்தாள். பாதியில் டீயைக் கீழே வைத்தாள். மறுபடி படித்தாள். முகத்தில் தூக்கம் போய் வேறு என்னவோ வந்தது.

"இதைப் படிச்சிட்டு நீ என்ன செய்வ?"

"திங்கட்கிழமையிலேருந்து ராத்திரி வர மாட்டேன்" என்றாள் சின்னவள். குரல் கம்மியது. "அண்ணி, நிஜமாவா? நர்ஸுங்களுக்குத்தான் மூணு வருஷம். எங்களுக்குப் பிள்ளை இருந்தா போதும். அப்படித்தான?"

கொக்கிக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்தது. விதி அதைத் திரும்ப உள்ளே தள்ளியது. முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். ஒரு மனுஷி சந்தோஷத்தில் அழப் போகும்போது எதிரில் சுவர் மாதிரி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து அறையிலிருந்து ஒற்றைவிரல் கொண்டு வந்த காகிதத்தில் நெட்டையரின் பதில் சுருக்கமாக இருந்தது. "எனக்குப் பொண்ணு இருக்கா, ஆனா சர்வீஸ் ரெண்டரை வருஷம்தான். அதனால இது எனக்கு இல்ல. வழக்கம்போல வருவேன்."

ஒரே வாக்கியம், ஒரே வேலை, ஒரே மாதிரி குழந்தை. ஒருத்தி வர மாட்டாள், ஒருவர் வருவார். இதைவிட அழகாக ஒரு வாக்கியம் தோற்க முடியாது.

சாயந்திரம் வீட்டில் சின்னவள் பாயசம் வைக்காத குறை. "வெளியில சொல்லக் கூடாதுன்னாங்க. வீடு வெளியா என்ன?" என்று ஆரம்பித்து, அண்ணனிடம் சொன்னாள், கப்பலில் இருந்த புருஷனிடம் போனில் சொன்னாள், தலைவரிடமும் சொன்னாள். "இனிமே அம்மா ராத்திரி உன் கூடத்தான்டா." தலைவர் ஆமோதித்துத் தட்டைக் கவிழ்த்தார்.

"அப்ப உனக்கும் விடுதலைதான்" என்று கணவன் கொக்கியைப் பார்த்துச் சிரித்தான்.

கொக்கி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். அறிக்கையை இன்னும் எழுதவில்லை. அவள் எழுதாவிட்டால் வாக்கியம் அப்படியே போய்விடும். அப்படியே போனால் சின்னவளுக்கு ஒரு வாதமாவது இருக்கும். தனக்கு முழுத் தூக்கம் இருக்கும். முழுத் தூக்கம் என்ற நினைப்பே அவளுக்கு எச்சில் ஊற வைத்தது. கோவில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது, அப்படி ஒரு ஆசை.

மறுநாள் காலையில் நிர்வாகி தானே கீழே இறங்கி வந்தார். அவருக்கு வெண்ணெய் என்று பெயர். யாரோடும் சண்டை போட மாட்டார், யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார், எங்கே தொட்டாலும் வழுக்கும். ஒற்றைவிரல் முந்தின நாளே பாதி மாடிக்குச் செய்தி பரப்பியிருந்தான்.

"தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம், எல்லாம் திருத்துங்கம்மா. ரொம்ப நல்லது" என்றார். "நடு வாக்கியத்தை மட்டும் விட்டுடுங்க."

"அதுதான் சார் தப்பே. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க."

"தெரியும்."

கொக்கி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "தெரியுமா?"

"பின்ன? அதை எழுத எனக்கு எத்தனை வாரம் ஆச்சு தெரியுமா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேட்ரன், உதவியாளர் எல்லாருக்கும் குடுன்னாங்க. கணக்கு அதிகாரி, மூணு வருஷம் ஆகாத ஒருத்தருக்கும் குடுக்க முடியாதுன்னார். பதிலுக்கு ஆள் போடக் காசு இல்லையாம். கடைசியில இந்த வாக்கியத்தைப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் சந்தோஷமா கையெழுத்து போட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் ஒரே காகிதத்துல கையெழுத்து போட்டது இதுதான் முதல் தடவை."

"ஒரே காகிதம் இல்ல சார். ஆளுக்கு ஒரு காகிதம். உங்களுக்குத்தான் ஒண்ணாத் தெரியுது."

வெண்ணெய் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க நாத்தனாருக்கும் நல்லதுதானம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். யாராவது கேட்டா அப்புறம் பார்த்துக்கலாம்."

எல்லாம் வழுக்கிக்கொண்டுதான் போனது. அந்த 'அப்புறம் பார்த்துக்கலாம்' மட்டும் கொக்கியின் தொண்டையில் முள்ளாகக் குத்தி நின்றது. யார் பார்த்துக்கொள்வது? எப்போது? திங்கட்கிழமை ராத்திரி வார்டில் மேட்ரனும் இருக்க மாட்டார், வெண்ணெயும் இருக்க மாட்டார். பணிப்பட்டியல் போடும் மேற்பார்வையாளர் இருப்பார். ஆள் பற்றாக்குறையில் முழி பிதுங்கும் அந்த மனுஷர் வாக்கியத்தை எப்படிப் படிப்பார் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. சின்னவள் தனக்கு விலக்கு என்று வீட்டில் இருப்பாள். அவர் வரவில்லை என்று எழுதுவார். ஒப்பந்த ஊழியர் சொல்லாமல் மூன்று இரவு வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அந்த விதியில் மட்டும் இரண்டு அர்த்தம் கிடையாது, அதைப் பழுது பார்த்ததே கொக்கிதான்.

"சார், வாக்கியம் ரெண்டு பக்கமும் பேசினா, கடைசியில பட்டியல் யார் கையில இருக்கோ அவங்க பக்கம்தான் பேசும்" என்றாள். கோபம் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. "மேலே நீங்க சண்டை போடாம தப்பிச்சதை, கீழே என் நாத்தனார் தலையில கட்டறீங்க. அவ வேலை போனா நீங்க வந்து பார்த்துக்குவீங்களா?"

வெண்ணெய் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணு செய்யலாம். கையெழுத்து போட்ட ரெண்டு பேரையும் நான் சோதிக்கிறேன். எழுதினவங்களை இதுவரைக்கும் நாம சோதிச்சதே இல்ல. அர்த்தம் அவங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டோம். அதுதான் நம்ம தப்பு. வாக்கியத்தைக் கூடக் காட்ட வேண்டாம், ஒரே ஒரு ஆளைப் பத்திக் கேட்டாப் போதும்" என்றாள் கொக்கி.

மறுநாள் மேட்ரன் ஒரு அறையில், கணக்கு அதிகாரி இன்னொரு அறையில். கேள்வி ஒன்றுதான். வார்டு உதவியாளர், சர்வீஸ் ஒன்றரை வருடம், பிள்ளைக்கு இரண்டு வயது. திங்கட்கிழமை ராத்திரி அவர் வேலைக்கு வரணுமா?

"எதுக்கு வரணும்? அதுக்குத்தானே இவ்வளவு நாள் கத்தினேன்?" என்றார் மேட்ரன்.

"கட்டாயம் வரணும். மூணு வருஷம்னு போட்டிருக்கே, கண் தெரியலையா?" என்றார் கணக்கு அதிகாரி.

கொக்கி இரண்டு பதிலையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பேரையும் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை மாடிப்படியில் நின்று கேட்டு ரசித்தவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மேட்ரன் கணக்கு அதிகாரியைக் கஞ்சன் என்றார். கணக்கு அதிகாரி, மேட்ரனுக்குக் கருணை இருக்கிறது, கூட்டல் கழித்தல் இல்லை என்றார். வெண்ணெய் நடுவில் நின்று உருகினார். ஆனால் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அதனால் சண்டை ஒரு முடிவுக்கும் வந்தது. செவிலியர்களுக்கு மூன்று ஆண்டு, உதவியாளர்களுக்கு இரண்டு ஆண்டு.

கொக்கி கூட்டல் கழித்தல் போட்டாள். நெட்டையருக்கு ரெண்டரை வருடம், அவர் உள்ளே. சின்னவளுக்கு ஒன்றரை, அவள் வெளியே.

வாக்கியத்தை இரண்டாக உடைத்தாள். செவிலியருக்கு ஒரு வரி, உதவியாளருக்கு ஒரு வரி. கீழே ஒரு உதாரணமும் போட்டாள்: "ஒன்றரை ஆண்டு பணி முடித்த உதவியாளர், இரண்டு ஆண்டு நிறையும் வரை இரவுப் பணிக்கு வர வேண்டும்." அந்த வரியை எழுதும்போது கை வலித்தது. மறுபடி டீக்கடைக் கதவுக்குப் போய் வேறு இரண்டு பேரைப் பிடித்தாள், இந்தத் தடவை சொந்தக்காரர்கள் கூடாது என்று விதியில் எழுதிவிட்டுப் போனாள். இரண்டு பதிலும் ஒன்றாக வந்தன. அறிவிப்பு பலகையில் ஏறியது.

நெட்டையர் அன்றைக்கே ஒரு பெரிய பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து நின்றார். "எனக்கு இல்லைன்னு நானே முடிவு பண்ணி இருந்தேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒற்றைவிரல் பொட்டலத்தைப் பிரித்தான். கொக்கிக்குப் பிஸ்கட் இறங்கவில்லை.

சின்னவள் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவள் வீட்டுக்கு ஓடினாள். சின்னவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, யாரோ போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"அந்த வாக்கியத்தைத் திருப்பி அனுப்பினது நான்தான்" என்றாள் கொக்கி.

"தெரியும். அந்த ஒன்றரை வருஷம் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்." சின்னவள் தலையை வாரிக்கொண்டே பேசினாள், சீப்பு இழுத்த இழுப்பில் முடி வந்தது. "வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே அண்ணி. ஊருக்கெல்லாம் கொக்கி போடறீங்க, வீட்டுக்குமா?"

"வாயை மூடியிருந்தா நீ திங்கட்கிழமை வீட்ல இருந்திருப்ப. செவ்வாயும் புதனும் இருந்திருப்ப. அந்த மேற்பார்வையாளர் என்ன எழுதியிருப்பார்?"

சீப்பு நின்றது.

"வியாழக்கிழமை உனக்கு வேலையே இருந்திருக்காது" என்றாள் கொக்கி. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் தூங்கி எத்தனை மாசம் ஆச்சு?" கடைசி வார்த்தையில் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. தூக்கத்துக்காக அழும் நாற்பது வயதுப் பெண்மணியைத் தலைவர் முதல் தடவையாகப் பார்த்துப் பயந்து விரலை வாயில் வைத்தார்.

சின்னவள் பையை மாட்டினாள், செருப்பைப் போட்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து, தலைவரைத் தூக்கி அண்ணியின் மடியில் தொப்பென்று வைத்தாள். எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆறு மாசம், நான் ராத்திரி வேலைக்குப் போற நாளெல்லாம் இவன் உங்க பொறுப்பு" என்றாள். "புரிஞ்சுதான்னு கேக்கல. இன்னைக்கு ராத்திரி நீங்க என்ன செய்வீங்க?"

"தூங்க மாட்டேன்" என்றாள் கொக்கி.

சோதிப்பவர் தலையாட்டக் கூடாது என்பது விதி. சின்னவள் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.